மருந்தாளுநரின் குறிப்பிலிருந்து மக்களின் துண்டறிக்கைக்கு

(மருந்தியல் மாணவர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாத்திரையை எவ்வாறு உட்கொள்ள வேண்டும் என்று நோயாளிக்கு எடுத்துரைப்பது மருந்தாளுநரின் விருப்பத்தைப் பொறுத்த செயலன்று. அது அவருடைய கடமை. 2015-ஆம் ஆண்டு வெளியான மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகள், நோயாளிக்குக் கூற வேண்டியவை எவை என்பதை வரிசைப்படுத்தியுள்ளன. மருந்தின் பெயர், அளவு, பயன், எச்சரிக்கைகள், சேமிக்கும் முறை ஆகியவற்றுடன், ஒரு வேளை தவறிவிட்டால் செய்ய வேண்டியதும் அவ்வரிசையில் இடம் பெற்றிருக்கிறது. ஆயினும் கடை வாயிலில் கூறிய சொல் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடுகிறது. ஆகவே எழுத்து வடிவில் ஒரு துண்டறிக்கை தேவைப்படுகிறது. மருந்தாளுநர் தமக்காகக் கிறுக்கி வைத்திருக்கும் ஆலோசனைக் குறிப்பை அத்தகைய துண்டறிக்கையாக மாற்றுவது எப்படி என்பதே இன்றைய பொருள்.

இதற்கு பெங்களூரின் ஈஜிபுராவை மனத்தில் கொண்டு பேச விரும்புகிறேன். கோரமங்கலாவை ஒட்டிய நெருக்கமான இப்பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் மக்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அதிகாலையில் வீட்டு வேலைக்குச் செல்வோரும் இரவுக் காவலுக்குச் செல்வோரும் இவர்களுள் உண்டு. ‘காலை’ என்னும் சொல் இவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் குறிப்பதில்லை.

குறிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்திற்காக ஒரு குறிப்பை நாமே அமைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர். தைராய்டு குறைபாடும் நீரிழிவும் உடையவர். மருந்தாளுநரின் ஏட்டில் இவ்வாறு இருக்கிறது: “லீவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், 1-0-0, வெறும் வயிறு, காப்பி கூடாது. மெட்ஃபார்மின் 500 மி.கி., 1-0-1, உணவுடன். கால்சியம், 0-1-0, தைராய்டு மாத்திரைக்கு 4 மணி தள்ளி. தவறினால் இரட்டிக்கக் கூடாது.”

மருந்தாளுநருக்கு இது போதும். நோயாளிக்கோ இதில் ஒரு வரிகூடத் தெளிவாக இராது. 1-0-1 என்பது காலை, நண்பகல், இரவு என்ற வரிசை என்பதை அவர் யாரிடமாவது கேட்டே அறிய வேண்டும். அத்துடன், ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் உள்ள காரணம் குறிப்பில் இல்லை. காரணம் அறியாதவர் இடையூறு நேரும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று முடிவு செய்ய இயலாது.

லீவோதைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. உணவும் காப்பியும் பாலும் உடன் சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு குறைகிறது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் அதனுடன் பிணைந்து மேலும் குறைத்துவிடுகின்றன. இதனால் உடனே துன்பம் எதுவும் தோன்றாது. ஆகையால்தான் இத்தவறு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சில வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு உயர்ந்து காணப்படும். மருத்துவர், மருந்தின் அளவு போதவில்லை என்று கருதி அதைக் கூட்டுவார். பின்னர் ஒரு நாள் அப்பெண்மணி தம் காப்பிப் பழக்கத்தைத் திருத்திக்கொண்டால், கூட்டிய அளவு முழுவதும் உடலில் சேரும். படபடப்பும் உறக்கமின்மையும் உண்டாகலாம். ஒரு குவளைக் காப்பி மருந்தின் அளவையே மாற்றிவிடுகிறது என்பதை இங்குக் காண்கிறோம்.

மெட்ஃபார்மினின் கதை வேறு. அதை உணவுடன் உட்கொள்ளச் சொல்வது குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் குறைப்பதற்காக. வெறும் வயிற்றில் உட்கொண்டு வயிறு கலங்கியவர், ‘இம்மருந்து எனக்கு ஒத்துவரவில்லை’ என்று தாமே நிறுத்திவிடுவார். கால்சியம் கார்பனேட்டை உணவோடு உட்கொள்வதன் காரணம், உணவின்போது சுரக்கும் அமிலம் அதைக் கரைக்க உதவுகிறது என்பது. ஆக, ஒரே பெண்மணியின் மூன்று மாத்திரைகளுக்கு உணவோடு மூன்று வகை உறவு. ‘உணவுக்குப் பின்’ என்று ஒரே முத்திரையை மூன்று உறைகளிலும் குத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சொற்களைத் தேர்தல்

இனி எழுதத் தொடங்குவோம். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதினால் பலருக்கு அது சோறு உண்ணும் நண்பகல் வேளையையே குறிக்கும். காலையில் உண்ணும் இட்லியும் தோசையும் சாப்பாடு அல்ல, டிபன். ‘வெறும் வயிறு’ என்றால் காப்பி மட்டும் குடித்த வயிறும் வெறும் வயிறே என்று கருதுவோர் உள்ளனர். ‘உணவுடன்’ என்பதைப் படித்து மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைபவரும் இருக்கக்கூடும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மெட்ஃபார்மின் மாத்திரையைப் பொடித்தால் பல மணி நேரத்திற்கு உரிய மருந்து ஒருங்கே வெளிப்பட்டுவிடும்.

எனவே நேரத்தை நோயாளியின் அன்றாடச் செயலோடு கட்ட வேண்டும். நம் பெண்மணிக்கு உரிய வாசகம் இவ்வாறு அமையலாம்:

“தைராய்டு மாத்திரை: எழுந்து பல் துலக்கியதும் ஒரு மாத்திரையை வெறும் தண்ணீருடன் விழுங்குங்கள். அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பி, டீ, பால், டிபன் எதுவும் வேண்டாம். இவை மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

சர்க்கரை மாத்திரை: காலை டிபனின் நடுவிலோ முடித்தவுடனோ ஒன்று; இரவு உணவின்போது அதேபோல் ஒன்று. தண்ணீருடன் முழுதாக விழுங்குங்கள். வெறும் வயிற்றில் உண்டால் குமட்டலும் பேதியும் வரலாம்.

கால்சியம் மாத்திரை: மதியச் சாப்பாட்டோடு ஒன்று. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி இருக்கட்டும்.”

காலை 6 மணிக்கு முதல் மாத்திரை, 7 மணிக்கு டிபனும் இரண்டாம் மாத்திரையும், ஒன்றரை மணிக்குச் சாப்பாடும் கால்சியமும், இரவு 8 மணிக்கு உணவும் நான்காம் மாத்திரையும் என்று ஒரு நாளை வரைந்து பார்த்தால் இடைவெளிகள் சரியாக இருக்கின்றன. இவ்வாறு ஒரு நாளை வரைந்து பார்க்காமல் துண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பலாகாது. இரவுக் காவலுக்குச் செல்பவருக்கு எழுந்திருக்கும் நேரம் பிற்பகலாக இருக்கலாம். அதனால் சூரியன், பிறை ஆகிய படங்களைக் காட்டிலும் ‘எழுந்ததும்’, ‘முதல் உணவின்போது’ என்ற சொற்கள் அவருக்குப் பொருந்தும்.

தவறிய வேளை

மிகவும் கவனம் வேண்டுவது இப்பகுதியே. ‘நினைவு வந்தவுடன் உட்கொள்ளுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக உட்கொள்ளாதீர்கள்’ என்ற பொது வாசகம் பல துண்டறிக்கைகளில் காணப்படுகிறது. ‘நெருங்கிவிட்டால்’ என்பது எத்தனை மணி நேரம் என்று அது கூறுவதில்லை. உணவோடு பிணைந்த மருந்துக்கு ‘நினைவு வந்தவுடன்’ என்பதும் பொருந்தாது.

லீவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. ஆதலின் ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு நேராது. “அன்றைக்குள் நினைவு வந்தால், வயிறு வெறுமையாக உள்ள நேரத்தில் உட்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் வழக்கமான ஒன்று மட்டும் போதும்” என்று எழுதலாம். மெட்ஃபார்மினுக்கு, “தவறியதை விட்டுவிட்டு அடுத்த மாத்திரையை அதற்குரிய உணவோடு உட்கொள்ளுங்கள். இரண்டைச் சேர்த்து உட்கொள்ள வேண்டாம்” என்பதே போதுமானது.

இங்கே ஓர் அபாயத்தைக் குறிப்பிட வேண்டும். நம் நாட்டில் மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் ஒரே மாத்திரையில் கலந்து விற்கப்படுகின்றன. மெட்ஃபார்மின் தனித்து இருக்கையில் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமிப்பிரைடு அவ்வாறன்று, அதை உட்கொண்டபின் உணவு உண்ணாவிட்டால் வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். ‘சர்க்கரை மாத்திரை’ என்று பொதுப்பெயர் சூட்டிய ஒரே துண்டறிக்கையை இவ்விரண்டுக்கும் கொடுப்பது பெரும் பிழை. ஆகவே அட்டையில் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களைப் படித்து ஒப்பிட்ட பின்னரே துண்டறிக்கையைக் கையில் தர வேண்டும். கலவை மாத்திரைக்கு உரிய துண்டறிக்கையில், “உணவு உண்ணாத வேளையில் இதை உட்கொள்ள வேண்டாம். நோன்போ விரதமோ இருப்பதானால் முன்னதாகவே மருத்துவரைக் கேளுங்கள்” என்ற வரி முதலிடம் பெற வேண்டும்.

கருத்தடை மாத்திரை, இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, இன்சுலின், வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் ஆகியவை இப்பொது முறைக்குள் அடங்கமாட்டா. இவற்றுக்குத் தனித்தனித் துண்டறிக்கைகளே வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்து ‘தெளிவாக உள்ளதா?’ என்று கேட்டால், எல்லோரும் ‘ஆம்’ என்றே கூறுவர். அது சோதனையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துத் துண்டறிக்கைகளைச் சோதிக்கும் முறை பின்பற்றத் தக்கது. வழக்கமாகப் பத்துப் பத்துப் பேராக இருபது பேரிடம் துண்டறிக்கையைத் தந்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேள்வி கேட்கின்றனர். ஒவ்வொரு கேள்விக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடையைக் கண்டெடுக்க வேண்டும். கண்டெடுத்தவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நாம் கேட்கும் கேள்விகள் நிகழ்ச்சி வடிவில் இருக்கட்டும். “காலை ஆறரைக்குக் காப்பி குடித்துவிட்டீர்கள், தைராய்டு மாத்திரை நினைவுக்கு வருகிறது. என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். நாம் மேலே எழுதிய வாசகத்தில் இதற்கு விடை நேரடியாக இல்லை என்பது உடனே தெரியவரும். காப்பி குடித்தாகிவிட்டது என்று அன்றைய மாத்திரையையே விட்டுவிடுபவரும் இருப்பர். உடனே விழுங்கிவிடுபவரும் இருப்பர். ஆதலின், “காப்பியோ டிபனோ முதலில் ஆகிவிட்டால், 3 அல்லது 4 மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ளுங்கள். அன்று கால்சியத்தை இரவு உணவோடு உட்கொள்ளுங்கள்” என்ற வரியைச் சேர்க்கிறோம். அதே மாத்திரையை அடிக்கடி இவ்வாறு தள்ளிப்போட நேர்ந்தால் மருத்துவரிடம் கூற வேண்டும் என்பதும் உடன் இருக்கட்டும்.

ஈஜிபுராவில் இன்னொரு சோதனையும் வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் கற்றவர்கள் இங்கே உள்ளனர். அவர்களுக்குத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட தாள் பயன்படாது; கன்னடத் துண்டறிக்கையைத் தந்து தமிழில் பேசி விளக்க வேண்டும். ஆகையால் ‘எந்த மொழி பேசுவீர்கள்?’ என்பதோடு ‘எந்த எழுத்தைப் படிப்பீர்கள்?’ என்றும் மருந்தாளுநர் கேட்டாக வேண்டும். கன்னட வாசகத்தையும் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அதே கேள்விகளைக் கொண்டு தனியே சோதிக்க வேண்டும்.

இறுதியாகச் சில நடைமுறைகள். ஏட்டுக் குறிப்பிலிருந்து எழுதும்போது நோயாளியின் பெயர், முகவரி முதலியவற்றை முதலிலேயே நீக்கிவிடுங்கள். மருத்துவர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். திருத்திய நாளைத் தாளின் அடியில் அச்சிடுங்கள். பழைய தாள்களைக் கட்டோடு அகற்றுங்கள். துண்டறிக்கையைக் கொடுக்கும்போது, “நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்” என்று நோயாளியையே கூறச் செய்யுங்கள். அவர் காப்பியில் தொடங்கினால், அந்த வரியின் கீழ் பேனாவால் கோடிட்டுக் கொடுங்கள்.