இரண்டரைப் பக்கக் கோபமும் ஒரு பக்கக் கடிதமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "ஏதாவது உபயோகமா பேசு, பழைய ஹாஸ்டல் கதை வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் புகார்க் கடிதம் படிக்கிற மேஜையில் இருந்தேன். திட்டு வாங்குவதற்கு மாதச் சம்பளம். அந்த அனுபவத்தை வைத்து, பணம் திரும்ப வராதபோது கடிதம் எப்படி எழுதுவது என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

சம்பவம் நம் வகுப்பு நண்பர் ஒருவருடையது. பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். இப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருப்பவர் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

2024 மே மாதம் 18-ஆம் தேதி, இணையத்தில் விற்கும் கடை ஒன்றில், 18,490 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். அவருக்கு அல்ல, அவருடைய அக்காவுக்கு. அத்தான் இல்லாத வீடு. அக்கா பென்ஷனில் சேர்த்து வைத்த பணத்தைக் கையில் கொடுத்து, "தம்பி, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிக் கொடுப்பா" என்று சொல்லியிருக்கிறார். இவர் தன் கிரெடிட் கார்டில் வாங்கினார். வந்த மெஷினின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, டிரம் சுற்றினால் உராய்ந்தது. மே 27 அன்று கடைக்காரர்களே ஆள் அனுப்பித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பத்து வேலை நாளில் பணம் வரும் என்றார்கள். ஜூன் முடிந்தும் வரவில்லை. மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் ஒரே பதில்: "நாங்கள் மே 31-ஆம் தேதியே அனுப்பிவிட்டோம், சார்." பாங்கில் கேட்டால், "உங்கள் கார்டுக்கு ஒன்றும் வரவில்லை."

அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "இப்பல்லாம் கையாலேயே துவைச்சுடறேன்டா, பழகிப்போச்சு" என்று மட்டும் சொல்வாராம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து இரண்டரைப் பக்கம் எழுதிவிட்டார். அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டியது அவர் செய்த புண்ணியம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, இங்கே தமிழில் சொல்கிறேன். "மோசடிக் கும்பலே" என்று ஆரம்பம். "வயிற்றெரிச்சல் உங்களைச் சும்மா விடாது" என்று நடுவில். ஐந்து லட்சம் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு, போலீஸ், பத்திரிகை என்று முடிவு. நிர்வாக இயக்குநரில் தொடங்கி மந்திரி வரைக்கும் பதினான்கு பேருக்கு நகல்.

அந்த மேஜையில் இருந்தவன் என்ற முறையில், இது போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குச் சொன்னேன். படிக்கிற ஆளுக்கு ஒரு கடிதத்துக்குச் சில நிமிஷங்கள்தான் கிடைக்கும். அவன் கண் முதலில் தேடுவது ஆர்டர் நம்பர். இரண்டரைப் பக்கத்தில் அது இல்லை! தொகை "கிட்டத்தட்ட இருபதாயிரம்" என்று இருந்தது. தேதி "போன மாசத்துக்கு முந்தின மாசம்". நம்பர் இல்லாவிட்டால் அவன் என்ன செய்வான்? "வருந்துகிறோம், ஆர்டர் எண்ணைத் தெரிவிக்கவும்" என்ற தயார் பதிலை அனுப்புவான். அவன் கணக்கில் அந்தப் புகாருக்குப் பதில் போய்விட்டது. உங்களுக்கு ஒரு வாரம் போய்விட்டது.

வழக்கு, போலீஸ் என்ற சொற்கள் இன்னும் மோசம். எங்கள் கம்பெனியில் அந்தச் சொற்களைப் பார்த்தால் ஃபைலைத் தொடாமல் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அங்கே இருப்பவர்கள் பணத்தை அனுப்பும் அதிகாரம் உள்ளவர்கள் அல்ல. பதினான்கு பேருக்கு அனுப்பினால், மற்ற பதின்மூன்று பேரில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். நானே அப்படி நினைத்து எத்தனையோ கடிதங்களை ஒதுக்கியிருக்கிறேன். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, "முன்பின் தெரியாத ஒருத்தன் சரிபார்க்கக்கூடிய விஷயம் எங்கெல்லாம் இருக்கோ, அதுக்கு மட்டும் அடிக்கோடு போடு" என்றேன். இரண்டரைப் பக்கத்தில் ஆறே வரி தேறியது. அதில் கடைசி வரி, கோபத்தோடு கோபமாக அவர் போகிற போக்கில் எழுதியது: "உங்களைப் போன்றவர்களால்தான் நான் அந்தக் கார்டையே மூடிவிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கார்டை எப்பய்யா மூடினே?" என்றேன். மே 29. வருடாந்தரக் கட்டணம் அதிகம் என்று மூடியிருக்கிறார். அதே பாங்கில் அவருக்கு இன்னொரு கார்டு உண்டு. பாங்குக்குப் போன் செய்தபோதெல்லாம் அந்த உயிரோடு இருக்கிற கார்டின் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்!

கார்டில் வாங்கிய பொருளுக்குப் பணம் திரும்பும்போது பொதுவாக எந்தக் கார்டிலிருந்து போனதோ அந்தக் கார்டுக்கே திரும்பும். கடையின் பாங்க், கார்டு கொடுத்த பாங்குக்கு அனுப்பும். கார்டு மூடப்பட்டிருந்தால் பணம் மாயமாகிவிடாது. பழைய கார்டின் கணக்கில் வரவாக உட்கார்ந்திருக்கலாம், அல்லது கடைக்கே திரும்பிப் போயிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு சாவி இருக்கிறது. அப்படித் திரும்பும் பணத்துக்கு 23 இலக்கத்தில் ஒரு குறிப்பு எண் உண்டு. ஏ.ஆர்.என். என்பார்கள். யு.பி.ஐ. வழியாகக் கட்டியிருந்தால் 12 இலக்க எண். கடைக்காரர் "அனுப்பிவிட்டோம்" என்றால், அந்த எண்ணைக் கேட்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் பாங்க் தேடிப் பார்க்கலாம். கொடுக்க முடியாவிட்டால் பணம் அவர்களை விட்டே கிளம்பவில்லை என்று சந்தேகப்படலாம். மூன்று போனிலும் இவர் அதைக் கேட்கவில்லை. அவர்களும் தாமாகச் சொல்லவில்லை.

ஆக, கடிதம் கேட்க வேண்டியது பணத்தை மட்டுமல்ல, அந்த எண்ணை.

"சரி, நானே எழுதறேன்" என்று போனவர் மறுநாள் கொண்டுவந்தது நேர் எதிர். "தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும். தங்களால் இயன்றால், விரைவில், தயைகூர்ந்து..." அட, இது சத்திரத்துச் சாப்பாட்டுக்கு விண்ணப்பமா? உங்கள் பணத்தைக் கேட்கிறீர்கள். "விரைவில்" என்பதற்கு எந்தக் கம்பெனியிலும் காலண்டர் கிடையாது. உறுதியைக் காட்டுவது தேதிதான். ஒரு தேதி, அது தவறினால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி. செய்யப் போவதை மட்டும் எழுத வேண்டும். ஐந்து லட்சம் வழக்கை இவர் போடப் போவதில்லை என்று படிக்கிறவனுக்கும் தெரியும்.

அடுத்த படி என்ன என்பதும் சட்டத்தில் இருக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இப்படி விற்கும் நிறுவனங்கள் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் தங்கள் தளத்திலேயே போட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. குறைதீர் அலுவலர் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது என்று முடிவு செய்தோம். 2024 ஜூலை 3 அன்று போன கடிதம் இதுதான்:

"ஐயா, ஆர்டர் எண் (எண்ணைக் குறிப்பிட்டோம்). மே 18 அன்று ரூ.18,490-க்கு வாங்கிய வாஷிங் மெஷின் சேதமடைந்து வந்ததால், மே 27 அன்று உங்கள் ஆட்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ரசீது இணைத்துள்ளேன். பத்து வேலை நாளில் பணம் திரும்பும் என்று உறுதி கூறப்பட்டது. ஜூன் 12, 19, 28 ஆகிய தேதிகளில் போனில் கேட்டபோது மே 31 அன்றே அனுப்பியதாகச் சொன்னார்கள். எனக்கு இதுவரை வரவில்லை. பணம் கட்டிய கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் கீழே உள்ளன. அந்தக் கார்டு மே 29 அன்று மூடப்பட்டது. பணம் அனுப்பிய தேதியையும் அதன் ஏ.ஆர்.என். எண்ணையும் ஜூலை 10 புதன்கிழமைக்குள் தெரிவிக்கவும். பணம் உங்களுக்கே திரும்பி வந்திருந்தால், அதே தேதிக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்யவும். பதில் கிடைக்காவிட்டால் ஜூலை 11 அன்று தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்வேன். இது என் அக்காவின் சேமிப்புப் பணம். அவர் ஐந்து வாரமாகக் காத்திருக்கிறார்."

கடைசி இரண்டு வரி வேண்டாம் என்றேன் நான். "அது மட்டும் இருக்கட்டும்டா" என்றார் அவர். விட்டுவிட்டேன். அது உண்மை, யாரையும் திட்டவில்லை, கோபத்தில் மிச்சம் வைக்கத் தகுந்தது அதுதான் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. கார்டின் முழு எண்ணைப் போட விடவில்லை, அதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். புகாரிலோ போனிலோ யார் கேட்டாலும் முழு எண், ஓ.டி.பி. கொடுக்கவே கூடாது.

ஜூலை 5 அன்று பதில் வந்தது. 23 இலக்க எண்ணும், மே 31 என்ற தேதியும். கடை சொன்னது நிஜம்தான்! அந்த எண்ணோடு பாங்குக்கு நான்கே வரியில் ஒரு கடிதம் ஜூலை 8 அன்று எழுதினார். மூடிய கார்டின் கணக்கில் பணம் வரவாகக் கிடந்தது. ஜூலை 16 அன்று அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

கடையிடம் தப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் போனிலேயே அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் அக்கா ஒரு மாதம் துணி துவைத்திருக்க வேண்டாம். ஆனாலும் பணத்தை ஒழுங்காக அனுப்பியவர்களை மோசடிக் கும்பல் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுப் பதினான்கு பேருக்கு நகல் அனுப்பியிருந்தால், நண்பர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

அந்த இரண்டரைப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடுகளோடு இன்னும் அவரிடம் இருக்கிறது. புது மெஷின் வந்த அன்று அக்காவுக்குப் படித்துக் காட்டினாராம். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. இங்கிலீஷ் வாத்தியார் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றாராம்.