குறைந்த நோட்டில் கணக்கு

780 ரூபாயை மிகக் குறைந்த நோட்டுகளில் தர வேண்டுமா? பெரிய நோட்டிலிருந்து தொடங்குங்கள். 500, 200, 50, 20, 10 என்று ஐந்தே நோட்டில் கணக்கு முடிந்துவிடும். எல்லா வகை நோட்டும் கையில் இருந்தால், நம் ஊர் நோட்டுகளுக்கு இந்த வழி எப்போதும் சரியாக வரும்.

ஆனால் எல்லா நாணய வரிசைக்கும் அப்படியில்லை. பிரிட்டனில் 1969 வரை இரண்டரை ஷில்லிங் நாணயம் ஒன்று புழங்கியது. கூடவே 2 ஷில்லிங், 1 ஷில்லிங், அரை ஷில்லிங் நாணயங்களும் இருந்தன. அங்கே 4 ஷில்லிங் தருவதற்குப் பெரியதை முதலில் எடுத்தால் இரண்டரை, ஒன்று, அரை என மூன்று நாணயம் ஆகும். 2 ஷில்லிங் நாணயம் இரண்டே போதுமே! முதலில் எடுத்த பெரிய நாணயம், மீதியை ஒன்றரையாக்கிச் சிக்கலில் மாட்டிவிட்டது.

நம் ஊரிலும் கல்லாவில் 500, 200 மட்டும் இருக்கும்போது 600 கேட்டால் இதே கதைதான். 500-ஐ எடுத்தால் மீதி 100-க்கு நோட்டு இல்லை. மூன்று 200 கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

பிழையில்லாத வழி, சிறிய தொகையிலிருந்து ஏறுவது. ஒவ்வொரு தொகையிலும் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, மீதிக்கு ஏற்கெனவே கண்ட விடைகளில் சிறியதோடு ஒன்றைக் கூட்டினால் போதும். அதே கல்லாவில் 800-க்கு 500-ஐக் கழித்தால் மீதி 300 தேறாது. 200-ஐக் கழித்தால் 600, அதற்கு மூன்று. ஆக, நான்கு நோட்டு.