நாயின் காதுச் சீழும் தோல் நோயும்



வீட்டு நாய் ஓயாமல் தலையைச் சொறிவதையும், காதைப் படபடவென்று உதறுவதையும், அருகே வந்தால் துர்நாற்றம் வீசுவதையும் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். காதில் நீர் புகுந்துவிட்டது என்று எண்ணிச் சிலர் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவர். அதனால் ஈரமும் அழுக்கும் உள்ளேயே தங்கிவிடும்.

நாயின் காதுக் குழாய் நேராக உட்செல்வதில்லை. கீழ்நோக்கி இறங்கி, பிறகு உட்புறமாக மடங்குகிறது. அதன் உட்சுவர் முழுவதும் தோலே. ஆகையால் உடம்புத் தோலைப் பற்றும் நோய் காதையும் பற்றும். தோல் அழற்சியுற்றால் காதினுள் ஈரமும் மெழுகும் பெருகும். அங்கு இயல்பாகவே சிறிதளவு வாழும் ஈஸ்ட் என்னும் காளானும், பாக்டீரியாக் கிருமிகளும் அப்பொழுது பல்கிவிடுகின்றன. நாற்றம் இவற்றால் வருவது. மூலமோ தோலில் இருக்கிறது.

நம்மிடம் மூன்று வயது நாய் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஓராண்டில் நான்கு முறை காதில் சீழ். சொட்டு மருந்து விட்டால் அடங்கும், பிறகு திரும்பும். ஓயாது நக்கியதால் அதன் பாதங்களில் மயிர் செம்பழுப்பாகியிருந்தது. அதற்கும் காதுக்கும் தொடர்புண்டு என்று உடையவர் கருதவில்லை.

விளக்குப் பொருத்திய கருவியால் காதினுள் பார்த்தோம். செவிப்பறை கிழியாமல் இருந்தது. இதை முதலில் அறிய வேண்டும். கிழிந்திருந்தால் சில மருந்துகள் உட்சென்று காது கேளாமற் செய்துவிடும். அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் நோக்கியபோது, நிலக்கடலை வடிவில் ஈஸ்ட் திரளாகத் தெரிந்தது. குட்டிகளின் காதில் காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கை உண்டாக்கும் நுண்பூச்சி இல்லை.

கழுவும் திரவத்தைக் காதில் நிரப்பி, அடிப்புறத்தைப் பிசைந்து, நாயை உதறவிட்டு, மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தோம். வீட்டில் இதைச் செய்வோர் குச்சியை உள்ளே விடலாகாது; அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். காளானை ஒழிக்கும் மருந்தும் வீக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கலந்த சொட்டு இரண்டு வாரம் விடப்பட்டது. நாற்றம் சில நாட்களிலேயே நின்றது. எனினும், மறுபடி தகட்டில் பார்த்து, ஈஸ்ட் அடங்கியதை உறுதி செய்த பின்னரே மருந்தை நிறுத்தச் சொன்னோம்.

அடுத்து மூலத்தைத் தேடினோம். அந்நாய்க்கு அதுவரை கோழி இறைச்சியும் பாற்சோறுமே உணவு. எட்டு வாரம், முன்பு உண்டறியாத மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டுமே கொடுக்கச் செய்தோம். வேறொன்றும் கூடாது. பிள்ளைகள் மறைவாகப் போடும் பிஸ்கட்டைத் தடுப்பதுதான் இதில் பெரும்பாடு! பாதம் நக்குவது நின்றது. பின்னர்க் கோழியை மட்டும் மீண்டும் கொடுத்தபோது, ஐந்தாம் நாள் காது சிவந்தது. அதன் பிறகு அவ்வீட்டில் அந்நாய்க்குக் கோழி கிடையாது.

எல்லா நாய்களுக்கும் உணவே காரணமன்று. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியும் மகரந்தமும் ஒவ்வாத நாய்கள் மிகுதி. அவற்றுக்கு உணவை மாற்றிப் பயனில்லை. அரிப்பை அடக்கும் மருந்தை, டாக்டரின் மேற்பார்வையில் நெடுநாள் கொடுக்க நேரிடும். காதையும் அவ்வப்போது கழுவி வர வேண்டும்.

காதை உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டிப் பை போல வீங்கினாலோ, தலை ஒரு புறம் சாய்ந்து நாய் தள்ளாடினாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.