கணக்கு மாறினால் கடிதம் மட்டும் போதாது

கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. பிறகு அதன் ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. "எங்கள் வங்கி விவரம் மாறிவிட்டது" என்று வாடிக்கையாளர்களுக்கு எழுத வேண்டிய கட்டாயம் நம் பக்கத்து வியாபாரிகள் பலருக்கும் வந்தது. மோசடிக்காரன் எழுதுவதும் அச்சு அசலாக இதே வரியைத்தான்!

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை கணக்கை மாற்றுகிறது என்று வையுங்கள். முதல் கடிதத்தில் புது எண்ணே வேண்டாம். "அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் கணக்கு மாறுகிறது. உங்களிடம் உள்ள பழைய பில்லில் இருக்கும் எங்கள் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு விவரம் கேளுங்கள்" என்று எழுதினால் போதும். கடிதத்திலேயே போன் நம்பர் கொடுத்தால் பயனில்லை. போலிக் கடிதத்திலும் ஒரு நம்பர் இருக்கும், அதை எடுப்பவனும் மோசடிக்காரனின் ஆள்தான்.

பணம் அனுப்புபவர் முதலில் 1 ரூபாய் போட்டு, வந்ததா என்று அதே பழைய எண்ணில் கேட்கட்டும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பணம் பெயரை அல்ல, கணக்கு எண்ணைப் பார்த்தே போய்ச் சேரும். ஆனால் 2025 ஏப்ரல் முதல், அனுப்பும் முன்பே கணக்குதாரர் பெயரைப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. ஆலையின் பெயருக்குப் பதில் யாரோ ஒருவர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய கணக்கை மூன்று மாதமாவது மூடாதீர்கள். பழைய கணக்கும் இயங்கும்போது, அவசரப்படுத்தும் கடிதம் உங்களுடையது அல்ல என்று வாடிக்கையாளருக்குப் புரியும்.

பணம் போய்விட்டதா? உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.