காரத்துக்குப் பாலா, தண்ணீரா?



சாம்பாரில் கிடந்த பச்சை மிளகாயைக் கவனிக்காமல் கடித்துவிடுகிறோம். நாக்கு எரிகிறது. கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடுகிறது. குடித்ததும் கொஞ்சம் அடங்குகிறது. அரை நிமிடத்தில் எரிச்சல் திரும்பி வந்துவிடுகிறது. ஏன் அப்படி?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். நம் வாயில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால், 'சுடுகிறது' என்று அவை மூளைக்குச் சொல்லும். கேப்சைசின் அதே முனைகளில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாதபோதும் அதே செய்தியை அனுப்பவைக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குளிர்ந்த தண்ணீர் வாயில் இருக்கும்வரை அந்த முனைகள் குளிர்ந்து அடங்கியிருக்கும். ஆனால் கேப்சைசின் எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதனால் தண்ணீரை விழுங்கிய பிறகும் அது நாக்கிலேயே தங்கிவிடுகிறது. வெந்நீர் குடித்தாலோ, ஏற்கெனவே தூண்டப்பட்ட முனைகள் இன்னும் பலமாக எரியும்.

அப்படியானால் பாலில் இருக்கும் கொழுப்புதான் காரத்தைக் கரைக்கிறதா? பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், காரமான தக்காளிச்சாறு குடித்தவர்களுக்குப் பலவகைப் பானங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரைவிடப் பால் நன்றாகவே எரிச்சலைத் தணித்தது. ஆனால் கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலுக்குச் சமமாக வேலை செய்தது. ஆகவே கொழுப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போவதுதான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. தயிரிலும் மோரிலும் அதே கேசின் உண்டு. தேங்காய்ப் பாலில் கொழுப்பு இருந்தாலும் கேசின் கிடையாது.

அந்த ஆய்வில் சர்க்கரை கலந்த பழச்சுவைப் பானமும் நன்றாகக் கைகொடுத்தது. இனிப்பும் எரிச்சலைக் குறைக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சர்க்கரைத் தண்ணீரை நாடலாம். சாராயத்தில் கேப்சைசின் கரையும் என்பதற்காக பீரை நம்ப வேண்டாம். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

எனவே காரம் ஏறினால், குளிர்ந்த பாலையோ மோரையோ ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல், சில நொடிகள் நாக்கைச் சுற்றி அலசி விழுங்குங்கள். கேசினுக்குக் கேப்சைசினைப் பற்ற நேரம் வேண்டும்.

மிளகாய் நறுக்கிய கை எரிந்தால், சமையல் எண்ணெயை நன்றாகத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் காரத்தைக் கரைக்கும், சோப்பு அந்த எண்ணெயை நீக்கும். கண்ணில் பட்டால் மட்டும் பாலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.