கிளி மாத்திரை

இரண்டு நிமிடம் ஒரு சின்னக் கதை கேளுங்கள்.

ஒரு தாத்தாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. சர்க்கரைக்கு கிளிபிசைடு 5, காலை டிபனுக்கு அரை மணி முன்னால். பி.பி.க்கு அம்லோடிபின் 5, இரவு படுக்கும்போது. இரண்டுமே சின்ன வெள்ளை வட்டம். பட்டையைக் கத்தரித்து, இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பார்.

மூன்றாம் வகுப்புப் பேத்தி அட்டையில் உள்ள எழுத்தைக் கூட்டிப் படித்து, காலை மாத்திரைக்கு ‘கிளி மாத்திரை’ என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒருநாள் இரவு தாத்தா தண்ணீர் டம்ளரை எடுத்தார். பேத்தி துண்டு அட்டையைப் பார்த்தாள்.

“தாத்தா, இது கிளி! காலையில போடறதாச்சே!”

கண்ணாடி போட்டுப் பார்த்தார். கிளியேதான்.

விழுங்கியிருந்தால்? வயிற்றில் புதிதாக உணவு சேராத இரவில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போயிருக்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தாலும் தூக்கத்தில் தெரியாமல் போகலாம்.

மறுநாளே ஏற்பாடு மாறியது. அட்டையை வெட்டுவதில்லை. கிளி சாப்பாட்டு மேஜையில், மற்றது கட்டில் பக்கத்தில். பெட்டிகளின் மேல் ‘காலை’, ‘இரவு’ என்று பெரிதாக எழுதியாயிற்று.

தவறி விழுங்கிவிட்டால் தூங்கப் போகாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணியில் மறுபடி பாருங்கள். ஏறிவிட்டாலும் அன்றிரவு ஒருவர் கூடவே இருக்கட்டும். அந்த மாத்திரை பல மணி நேரம் வேலை செய்யும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் டப்பாவைத் திறந்து பாருங்கள். பெயரில்லாத துண்டு எத்தனை இருக்கிறது?