ஒன்றரை ஷிப்ட் என்னும் ஏமாற்று



திருப்பூர் பனியன் கம்பெனியில் மாலை ஐந்து மணி. இன்னும் அரை மணியில் ஷிப்ட் முடியப்போகிறது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை வீட்டு வாசலில் காத்திருக்கிறது. அப்போதுதான் சூப்பர்வைசர் லைனுக்கு வருகிறார். "நாளைக்கு ஷிப்மென்ட். எல்லாரும் ஒன்பது வரைக்கும் இருந்துட்டுப் போங்க" என்கிறார். இருக்க முடியுமா என்று கேட்கிறாரா? இல்லை. இருங்கள் என்கிறார். மறுத்தால், "நாளையிலிருந்து வராதே" என்கிறார்.

அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, வேலை நேரத்தை முன்கூட்டியே எழுதி ஆலையில் ஒட்டி வை, அதற்கு மாறாக வேலை வாங்காதே என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 27ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓவர்டைம். சம்மதம் கேட்க வேண்டும் என்றால், மறுக்கவும் உரிமை உண்டு என்றுதானே பொருள்?

இனி கூலிக் கணக்குக்கு வருவோம். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். மேலும் நான்கு மணி நேரம் உழைத்தால் "ஒன்றரை ஷிப்ட்" என்று சொல்லி 900 ரூபாய் தருகிறார்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். ஆறு நாளும் முழு ஷிப்ட் பார்த்தவருக்கு அந்த நான்கு மணிக்கு 300 அல்ல, 600 வர வேண்டும். அதாவது அன்றைக்கு மொத்தம் இரண்டு ஷிப்ட் கூலி! மீதி 300 எங்கே போகிறது?

சம்மதித்தாலும் எல்லை உண்டு. ஓவர்டைமையும் சேர்த்து வாரம் 60 மணி என்று 1948 சட்டம் உச்சவரம்பு வைத்தது. புதிய தொகுப்போ ஓவர்டைம் வரம்பை அரசின் விதிகளிடம் விட்டுவிட்டது. ஆபத்து அங்கேதான்! 2020இல் குஜராத் அரசு வாரம் 72 மணி வரை வேலை வாங்கலாம், இரட்டிப்புக் கூலி வேண்டாம் என்று அறிவித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கான மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒன்று கவனியுங்கள். மறுக்கிறோம் என்று லைனே ஒன்றாக எழுந்து போனால், "முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தம்" என்று முத்திரை குத்துவார்கள். ஆகவே, "இன்று ஓவர்டைமுக்குச் சம்மதமில்லை" என்று அவரவர் தேதியிட்டு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் தினமும் குறியுங்கள். தொழிற்சாலை ஆய்வாளர் முன் நிற்கும்போது அந்த நோட்டுதான் சாட்சி.

நம் கோரிக்கை இரண்டே. வாரம் 60 மணிக்கு மேல் கிடையாது என்று விதியில் எழுது! அரை ஷிப்டுக்கு முழு ஷிப்ட் கூலி கொடு!